‘கொஞ்சம் பேசணும்’: மூன்று பதில்களும் அவற்றின் விளைவும்

பகல் 12 மணி. வேலைக்கு நடுவே துணையிடமிருந்து ஒரு வரி வருகிறது: “ராத்திரி கொஞ்சம் பேசணும்.” காலையில் சண்டை எதுவும் இல்லை. பேச்சுக்கு இன்னும் எட்டு மணி நேரமாவது இருக்கிறது. இப்போது அனுப்பும் பதில்தான் அந்த எட்டு மணி நேரத்தையும் அதன்பின் வரும் பேச்சின் தொடக்கத்தையும் தீர்மானிக்கும்.

முதலில் அந்த வரியைப் பார்ப்போம். ‘கொஞ்சம்’ என்பதை வைத்து விஷயம் சின்னது என்று எண்ண வேண்டாம். அது வெறும் மரியாதைச் சொல். வினையிலும் எழுவாயிலும்தான் குறிப்பு இருக்கும். “ஒண்ணு சொல்லணும்” என்றால் பெரும்பாலும் தகவலோ ஒப்புக்கொள்ளலோ வரப்போகிறது. “உன்கிட்ட பேசணும்” என்பதில் மனக்குறையின் வாடை சற்று அதிகம். “நாம பேசணும்” என்றால் இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய ஒன்றாக இருக்கலாம். இவை ஊகங்கள்தான். எதற்கெடுத்தாலும் ‘பேசணும்’ என்று சொல்லும் பழக்கமுள்ளவரிடம் இந்தக் கணக்கு செல்லாது.

வழக்கமாகப் போகும் பதில்கள் இரண்டு. ஒன்று, “எதைப் பத்தி?” விஷயம் சின்னதாக இருந்தால் இது நல்ல பதில், இரண்டு வரியில் முடிந்துவிடும். பெரிதாக இருந்தால், நேரில் சொல்ல நினைத்ததைக் கைபேசியில் சுருக்கித் தட்டச்சு செய்யும்படி துணையைத் தள்ளுகிறது. எழுத்தில் தொனி போய்ச் சேராது. கேலியா, நிஜமா என்பதை மின்னஞ்சலில் உணர்த்திவிட முடியும் என்று அனுப்புபவர்கள் அளவுக்கு மீறி நம்புவதை ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். “நான் என்ன பண்ணேன்?” என்று கேட்பது இன்னும் மோசம். விஷயம் போய், பதறியவரைச் சமாதானப்படுத்துவது துணையின் வேலையாகிவிடும்.

இரண்டாவது, வெறும் “சரி.” துணைக்கு நெருக்கடி இல்லை. ஆனால் பதில் சொன்னவர் மாலைவரை தன் மேல் வரக்கூடிய குற்றச்சாட்டுகளை எல்லாம் தானே எழுதி, தானே வாதாடி முடித்திருப்பார். வீட்டுக்குள் நுழையும்போதே கையில் கேடயம். பேச்சின் தொடக்கத்துக்கு இது கேடு. சிபில் கரேரும் ஜான் காட்மனும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக மணமான 124 தம்பதிகளின் வாக்குவாதத்தில் முதல் 3 நிமிடங்களை வைத்தே யார் பின்னால் பிரியக்கூடும் என்று ஓரளவு கணிக்க முடிந்தது.

மூன்றாவது பதில் சற்று நீளம்: “சரி, சாப்பிட்டுட்டு ஒன்பது மணிக்கு உட்காரலாம். முடிவெடுக்கணுமா, இல்ல நான் கேட்டா போதுமா?” இது உள்ளடக்கத்தைக் கேட்கவில்லை, நேரத்தையும் வகையையும் மட்டும் கேட்கிறது. “கேட்டா போதும்” என்று வந்தால், தீர்வு சொல்லும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். “முடிவெடுக்கணும்” என்று வந்தால், “ஏதாவது பாத்து வெக்கணுமா?” என்று கேட்கலாம். “அப்ப சொல்றேன்” என்று வந்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும். மறுபடி கேட்டால் இதுவும் முதல் பதிலாகவே மாறிவிடும். இதற்கும் ஒரு குறை உண்டு. உணர்ச்சி கொதிக்கும் நேரத்தில் அலுவலகக் கூட்டம் வைப்பதுபோல் இது தொனிக்கலாம். அப்போது வாய்ப்பிருந்தால் ஒரு நிமிடம் குரலில் பேசுவதே மேல்.

மூன்றில் எங்கள் தேர்வு இதுதான். ஆனால் நேரம் குறித்தாயிற்று என்பதற்காக ஒன்பது அடித்ததும் ஆரம்பித்துவிடக் கூடாது. வீடு திரும்பிய முதல் கால் மணி நேரம் துணையின் மனநிலையைக் கவனிப்பதற்கு. பார்க்க வேண்டியது, அவருடைய வழக்கத்திலிருந்து எது மாறியிருக்கிறது என்பதை. எப்போதும் அமைதியாக இருப்பவரின் அமைதிக்கு அர்த்தமில்லை. வாய் ஓயாதவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் அர்த்தம் உண்டு. இருந்தாலும் பசி, தலைவலி, தூக்கமின்மை எல்லாமே கோபத்தின் முகத்தோடுதான் வரும். முகத்தைப் பார்த்து முடிவுகட்டாமல், “இப்ப பேசலாமா, கொஞ்சம் ஓய்வெடுத்துட்டா?” என்று கேட்டுவிடலாம்.

தன் நிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால், எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது. காட்மன் அப்போது குறைந்தது 20 நிமிட இடைவெளி எடுக்கச் சொல்கிறார். எழுந்து போகும்போது திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் எழுந்தால், பேச்சிலிருந்து தப்பித்து ஓடுவதாகத்தான் துணை எடுத்துக்கொள்வார்.