ஊறவைத்த மீல் மேக்கருக்கு உலர்ந்ததன் கணக்கைக் காட்டி என்னிடம் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

நேற்று மாலை அந்தக் கடையின் இறக்கிய ஷட்டருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கும்பகோணத்தில், புரதம் மிகுந்த உணவை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லி மாதச் சந்தா வாங்கும் கடை அது. பெயரை எழுதவில்லை, இந்த வகைக் கடைகள் இப்போது தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் இருக்கின்றன, இதே கணக்கை யார் வேண்டுமானாலும் காட்டலாம். போனது 6,000 ரூபாய். பணத்தைவிட, என் அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய சத்து இருபது நாள் கிடைக்காமல் போனதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அம்மாவுக்கு 68 வயது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகி, வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியிருக்கிறார். எடை 50 கிலோ என்பதால் நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும் என்று மருத்துவமனையில் உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். சோறு, பருப்பு, தயிர், இரண்டு வேளை பால், சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 40 கிராமைத் தாண்டவில்லை. அந்த நேரத்தில்தான் இந்தக் கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது: '100 கிராம் மீல் மேக்கர், 52 கிராம் புரதம், ஊறவைக்க வேண்டாம், அப்படியே தாளிக்கலாம்.'

நேரில் போனேன். கல்லாவில் இருந்தவர் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். ஊறிப் பிழிந்த உருண்டைகள், விரலால் அழுத்தினால் பஞ்சு போல் அமுங்கின. அவற்றை மின்தராசில் கொட்டினார். 100 என்று காட்டியது. "பாத்துக்கங்க சார், சுத்தமா நூறு கிராம். ஒரு கிராம் கொறைக்க மாட்டோம். பாட்டியம்மாவுக்கு இது ஒண்ணே போதும், பாலும் சுண்டலும் குடுத்து வயித்தக் கெடுக்காதீங்க" என்றார். நான் நம்பியது அந்த நொடியில்தான். எடையைக் கண்ணெதிரே காட்டுகிற கடைக்காரர் ஏமாற்றமாட்டார் என்று நினைத்தேன். நாளைக்கு 200 ரூபாய் வீதம் 30 நாளுக்கு 6,000 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். அம்மாவுக்கு வயிறு உப்புசம் இருந்ததால் ஒரு வேளைப் பாலையும் சுண்டலையும் நிறுத்தினேன். அதற்கு நான்தான் பொறுப்பு.

இருபதாம் நாள் மறுபரிசோதனைக்குப் போனபோது உணவு ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி, "அந்த நூறு கிராம் ஊறுறதுக்கு முன்னாடி எடுத்த எடையா, ஊறின பிறகா?" என்பது. எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. ஏனென்றால் நான் வேலை செய்வது நெல் அரவை மில்லில். ஈரத்துக்கும் எடைக்கும் உள்ள உறவைத் தினமும் பார்க்கிறவன். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையை எடுக்க மறுக்கிறார்கள், விவசாயி களத்தில் மறுபடி காயவைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. தண்ணீருக்கு யாரும் நெல்லின் விலை கொடுக்கக் கூடாது என்பதும் அந்த விதிக்கு ஒரு காரணம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் தண்ணீரை நிறுத்து வாங்கியிருக்கிறேன்.

மீல் மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவு. அதைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத்துக்குள் செலுத்தி வெளியே தள்ளும்போது அது பொரிந்து, உள்ளே கண் கண்ணாகத் துளை விழுந்த உருண்டையாகிறது. எண்ணெயும் ஈரமும் பெரும்பாலும் போய்விட்டதால்தான் உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 52 கிராம் என்று அவ்வளவு பெரிய எண் வருகிறது. மளிகைக் கடைப் பாக்கெட்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் அந்த எண் சரியானதுதான், ஆனால் அது பாக்கெட்டுக்குள் உலர்ந்து கிடக்கும் பொருளுக்கு உரியது. வெந்நீரில் போட்டதும் அந்தத் துளைகள் எல்லாம் தண்ணீரைக் குடித்துக்கொள்கின்றன. புரதம் எங்கும் போய்விடுவதில்லை; ஊறிய தண்ணீரில் மிகச் சிறிதளவு கரைந்தாலும் மீதி அத்தனையும் உருண்டைக்குள்ளேயே இருக்கிறது. எடை மட்டும் ஏறுகிறது, ஏறிய எடையில் புரதம் கிடையாது. ஆகவே நூறு கிராமுக்கு எவ்வளவு என்று கேட்டால் எண் இறங்கித்தான் ஆக வேண்டும். அரிசியும் சோறும் மாதிரிதான் இது. ஒரு ஆழாக்கு அரிசியை வடித்தால் பானை நிறைகிறது என்பதற்காக, சோற்றை அரிசியின் எடைக்கணக்கில் யாராவது விற்றால் நாம் சும்மா விடுவோமா?

அன்று இரவே வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். மளிகைக் கடையில் வாங்கிய உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராம். அதில் இருக்கும் புரதம் 26 கிராம். கொதித்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, வடிதட்டில் வைத்துச் சொட்டுவது நின்றதும் நிறுத்தேன்: 190 கிராம். பிறகு பச்சைத் தண்ணீரில் இருமுறை அலசி, உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பிழிந்து நிறுத்தேன்: 148 கிராம். இந்த இரண்டு தட்டிலும் புரதம் அதே 26 கிராம்தான். ஆனால் பிழியாததில் நூறு கிராம் எடுத்தால் அதில் 14 கிராமுக்குள்தான் வருகிறது, பிழிந்ததில் நூறு கிராம் எடுத்தால் பதினேழரை கிராம். கை எவ்வளவு அழுத்திப் பிழிகிறதோ அதற்கேற்ப அந்த எண் மாறும். எப்படிப் பிழிந்தாலும் அது 52 ஆகாது.

ஆனாலும் அவர்கள் பாக்கெட் வேறு மாதிரி இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கே இருந்தது. மறுநாள் வந்த பாக்கெட்டைப் பிரித்து, நூறு கிராம் இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒவ்வோர் உருண்டையையும் நான்காகக் கிள்ளி, மொட்டை மாடியில் வடகம் காயவைக்கும் துணியில் பரப்பினேன். முதல் நாள் சாயங்காலம் தொட்டால் மேல் காய்ந்து உள்ளே ஈரம் இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் விரலில் நசுக்கினால் மொறுமொறுவென்று உடைந்தது. நிறுத்தேன். 35 கிராம். நான் நாளைக்கு 200 ரூபாய் கொடுத்தது இந்த 35 கிராமுக்கு, இதில் இருக்கும் 18 கிராம் புரதத்துக்கு. மளிகைக் கடையில் கிலோ 200 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் இதன் விலை 7 ரூபாய்.

இருபது நாளில் அம்மாவுக்கு 1,040 கிராம் புரதம் போயிருக்க வேண்டும் என்று கணக்கு எழுதி வைத்திருந்தேன். போனது 360 கிராம். பாலையும் சுண்டலையும் வேறு குறைத்திருந்தேன். மாடிப்படி ஏற முடியவில்லை, காலில் தெம்பில்லை என்று அவர் சொன்னபோதெல்லாம் "எல்லாம் சரியாயிடும்மா, இப்பதான் நல்லாச் சாப்பிடுறியே" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காய்ந்த 35 கிராமை ஒரு கவரில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் நாள், "ஓனர் வெளியூர் போயிருக்காரு சார், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்கள். தராசில் நிறுத்துக் காட்டிய அதே ஆள்தான் சொன்னார். இரண்டாம் நாள் உரிமையாளர் போனில் வந்தார். "நாங்க போட்டது உலர்ந்த நெலைக்கான கணக்கு சார். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார். உலர்ந்ததாக எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஆய்வக அறிக்கை இருக்கு, அனுப்புறேன்" என்று வைத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் வந்தது ஒரு புகைப்படம். பெரிதாக்கிப் பார்த்தால், ஏதோ ஓர் உலர்ந்த பாக்கெட்டின் பின்பக்க அட்டவணை. ஓரத்தில் ஈரம் படாத இடத்தில் வைக்கவும் என்ற வரிகூடத் தெரிகிறது. 6,000 ரூபாயையும் திருப்பித் தர வேண்டாம், அம்மா சாப்பிடாத பத்து நாளுக்கான 2,000 ரூபாயையாவது கொடுங்கள் என்று எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அதன் பிறகு போனும் எடுக்கவில்லை. நேற்று ஷட்டரே இறங்கியிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "காலையில தொறந்துதான் இருந்துச்சு, நீங்க வர்றத பாத்துட்டு எறக்கிருப்பாங்க" என்றார்.

எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை நடுங்குகிறது. அவசரமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஊறிய மீல் மேக்கரில், சமைத்த மீல் மேக்கரில் நூறு கிராமுக்கு 50 என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இருபதைத் தாண்டினாலே எப்படி நிறுத்தீர்கள் என்று கேளுங்கள். ஊறவைப்பதற்கு முன் நிறுத்து, அந்த எடையை வைத்து மட்டும் கணக்குப் போடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு பாக்கெட்டை வெயிலில் காயவையுங்கள். மாதப் பணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

இன்று காலை உலர்ந்த உருண்டையில் 40 கிராம் நிறுத்து ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி அலசிப் பிழிந்து, பொடியாக நறுக்கிக் கோசுப் பொரியலோடு அம்மாவுக்குக் கொடுத்தேன். அதில் இருப்பது 21 கிராம் புரதம்தான் என்று தெரிந்தே கொடுத்தேன். பாலும் சுண்டலும் பழையபடி தொடங்கிவிட்டன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரத்தின் படம், ஜிபே ரசீது, காய்ந்த 35 கிராம் தராசில் இருக்கும் படம் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். 6,000 ரூபாய் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. நாளை மில்லுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஷட்டர் தூக்கும் நேரத்துக்கே போய் அங்கே நிற்கப் போகிறேன்.