எஸ்டிஎல்லா, ஸ்டெப்பா? ஒரு பேரிங் தாங்கியை வைத்து நீண்ட நாள் பயன்பாட்டுக் கணக்கு

3டி பிரிண்டருக்கு எடுத்த மாடல்களை வருடக்கணக்கில் வைத்திருந்து, அவ்வப்போது திருத்திப் பயன்படுத்தும்போதுதான் எஸ்டிஎல், ஸ்டெப் என்ற கோப்பு ஃபார்மேட்டுகளின் குணம் தெரியவரும். அச்சிட்டதும் வேலை முடிந்துவிடும் பொருளுக்கு எஸ்டிஎல் போதும். அளவு மாற வாய்ப்புள்ள இயந்திர பாகம் என்றால் ஸ்டெப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

608 பேரிங்கைப் பிடிக்கும் தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. தாங்கியில் 60 மி.மீ. இடைவெளியில் இரண்டு போல்ட் துளைகள். எஸ்டிஎல்லில் வட்டம் என்ற ஒன்றே கிடையாது, எல்லாம் முக்கோணங்கள். அசல் வடிவத்திலிருந்து விலகல் 0.1 மி.மீ. வரை இருக்கலாம் என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்தால், 22 மி.மீ. குழி ஏறத்தாழ 24 பக்கங்கள் கொண்ட பலகோணமாகிவிடும். அதன் மூலைகள் வட்டத்தின் மேலேயே இருக்கும். பக்கங்களின் நடுப்பகுதி மட்டும் உள்ளே வரும். அங்கே எதிரெதிர் பக்கங்களை அளந்தால் 21.81 மி.மீ.தான். பேரிங் ஏறாமல் முரண்டுபிடிப்பதற்கு எல்லாரும் பிரிண்டரைக் குறை சொல்வார்கள். பாதிக் காரணம் கோப்பிலேயே இருக்கிறது. விலகலை 0.01 ஆக்கினால் பக்கங்கள் 74 ஆகும், இழப்பு 0.02 மி.மீ.க்கு இறங்கிவிடும். ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருளில் Mesh பகுதியின் Create mesh from shape பெட்டியில் Surface deviation என்ற இடத்தில் இதைக் கொடுக்கலாம்.

குழியை 22.2 ஆக்க வேண்டுமென்றால்? எஸ்டிஎல் மட்டும் கையில் இருப்பவர் ஸ்லைசரில் மொத்த மாடலையும் பெரிதாக்கிப் பார்ப்பார். குழி சரியாகிவிடும், போல்ட் இடைவெளியோ 60.5 ஆகிவிடும். ஸ்டெப்பில் குழி உண்மையான உருளைப் பரப்பாக, மையத்தோடும் ஆரத்தோடும் பதிந்திருக்கும். கோப்பை ஃப்ரீகேடில் திறந்து, Part Design பாடிக்குள் அடிப்படை உருவமாக வைத்து, மேல்முகத்தில் ஸ்கெட்ச் தொடங்குங்கள். குழியின் விளிம்பை External geometry ஆக இழுத்து, அதே மையத்தில் 22.2 வட்டம் போட்டு, 7 மி.மீ. ஆழத்துக்கு Pocket கொடுத்தால் முடிந்தது. போல்ட் துளைகள் அசையாது.

எஸ்டிஎல்லையே ஸ்டெப்பாக மாற்றிக்கொள்ளலாமே என்பது பலர் விழும் குழி. Create shape from mesh, பிறகு Convert to solid என்று செய்தால் திடப்பொருள் கிடைக்கும், ஸ்டெப்பாகச் சேமிக்கவும் முடியும். ஆனால் உள்ளே இருப்பது அதே 24 பட்டைகள்தான். Refine shape தட்டையான முகங்களை ஒட்டவைக்கும். தொலைந்த வட்டத்தை அதனால் மீட்க முடியாது. இப்படி மாற்றிய கோப்புகளைப் பகிர்வுத் தளங்களில் ஸ்டெப் என்று போட்டுவைப்பவர்களும் உண்டு. கண்டுபிடிப்பது எளிது: குழியின் உட்சுவரைச் சொடுக்கினால் முழுச் சுவரும், அல்லது அதன் பாதியாவது, தேர்வாக வேண்டும். ஒல்லியான ஒரு பட்டை மட்டும் மின்னினால் அது வேடம் போட்ட எஸ்டிஎல். ஸ்டெப் வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் திறக்காமலும் பார்க்கலாம்:

```
grep -c CYLINDRICAL_SURFACE thaangi.step
grep -c PLANE thaangi.step
```

துளையுள்ள பாகத்தில் முதல் எண் பூஜ்யமாகவும் இரண்டாவது மட்டும் பெரிதாகவும் வந்தால் அந்தக் கோப்பைத் திருத்தப் பயன்படுத்த வேண்டாம்.

எஸ்டிஎல்லில் அலகும் கிடையாது. அங்குலத்தில் வரைந்து அனுப்பினால் 22 மி.மீ. குழி ஸ்லைசரில் 0.87 மி.மீ. ஆகத் தெரியும், 25.4 மடங்கு பெருக்கினால் சரியாகும். ஸ்டெப்பும், அச்சுக்கென்றே உள்ள 3எம்எஃப் ஃபார்மேட்டும் அலகைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும். அச்சிடுவதற்காக மட்டும் பகிர்வதானால் எங்கள் தேர்வு 3எம்எஃப். ஸ்லைசரிலிருந்து சேமித்த 3எம்எஃப்பில் உங்கள் பிரிண்டரின் அமைப்புகளும் சேர்ந்து போகும் என்பதை மட்டும் பெறுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்டெப்பிலும் ஒரு குறை உண்டு, வரைந்த வரலாறு அதில் இராது. ஸ்கெட்ச், அதில் கொடுத்த அளவுகள், எந்தத் துளை எதைச் சார்ந்தது என்ற உறவுகள் எல்லாம் எக்ஸ்போர்ட்டின்போதே உதிர்ந்துவிடும். 608க்குப் பதில் 28 மி.மீ. வெளிவிட்டமுள்ள 6001 பேரிங் பொருத்த நினைத்தால், சுவர்த் தடிமனும் போல்ட் இடைவெளியும் கூடவே மாற வேண்டும். மூலக் கோப்பில் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்து வரையப்பட்டிருந்தால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஸ்டெப்பில் ஒவ்வொரு முகமாகக் கைவைக்க வேண்டும். ஆகவே நாமே வரைந்ததற்கு .FCStd, .f3d, .scad எதுவாயினும் மூலத்தை அழிக்கக் கூடாது. மென்பொருள் மாறினாலும் திறக்க வேண்டுமே என்று பக்கத்திலேயே ஒரு ஸ்டெப்பும் இருக்கட்டும். எஸ்டிஎல்லை எப்போது வேண்டுமானாலும் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சிலைகள், ஸ்கேன் செய்த உருவங்கள் போன்றவை பிறக்கும்போதே மெஷ். அவற்றுக்கு ஸ்டெப் தேடி அலைய வேண்டாம், பிளெண்டரில் செதுக்கியதென்றால் .blend கோப்பை வைத்துக்கொண்டு எஸ்டிஎல்லையோ 3எம்எஃப்பையோ பகிர்ந்தால் போதும்.