ஆலைக் கணக்கருக்கு மேலாளர் யார்?

ஒரு ஊழியருக்கு ஒரே மேலாளர்தான் ஆணையிட வேண்டும் என்பதை 1916-இல் ஹென்றி ஃபயோல் தன் நிர்வாக நெறிகளில் ஒன்றாக எழுதினார். அவர் பிரான்சில் சுரங்க நிறுவனம் நடத்தியவர். அதற்கு முன்பே அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெய்லர் என்ற பொறியாளர் நேர்மாறாக யோசித்திருந்தார்: ஒரு தொழிலாளிக்கு வேகம், தரம், பழுது என்று வேலைக்கேற்ப எட்டு மேற்பார்வையாளர்கள். ஃபயோல் இதை ஏற்கவில்லை. இந்தச் சண்டை இன்றும் நடப்பதைப் பார்க்க, தொழிற்சாலைக் கணக்கரின் நாற்காலி நல்ல இடம். அவர் உட்காருவது ஆலையில். செய்வது தலைமை அலுவலக நிதிப் பிரிவின் வேலை.

மாதக் கடைசி நாள், மாலை. சரக்கு தயார், ஆனால் லாரி நாளைதான் வரும். ஆலைத் தலைவர் சொல்கிறார்: "இன்றே பில் போட்டுடுங்க, இலக்கு எட்டிடும்." நிதித் தலைவர் சொல்வது: சரக்கு கேட்டைத் தாண்டாமல் விற்பனை எழுதக் கூடாது.

ஆலைத் தலைவர் மட்டுமே மேலாளர் என்றால் குழப்பமே இல்லை, பில் விழும். ஆபத்தும் அதுதான். யாருடைய இலக்கைக் கணக்கு அளக்கிறதோ, அவர் கையிலேயே கணக்கரின் சம்பள உயர்வு இருக்கிறது.

இருவரும் சம அதிகாரமுள்ள மேலாளர்கள் என்றால், கணக்கர் யாரையும் மறுக்க மாட்டார். இருவரிடமும் "சரி" என்பார். பில்லைத் தயாரித்துப் பதிவு செய்யாமல் வைப்பார், ஆலைக்கு ஒரு எண்ணும் நிதிப் பிரிவுக்கு வேறு எண்ணும் போகும். எந்த வேலை சொன்னாலும் "அவரிடம் பேசிட்டீங்களா சார்?" என்று அவர் கேட்க ஆரம்பித்தால், முடிவெடுக்க வேண்டிய இருவரின் சண்டையை அவர் சுமக்கிறார் என்று அர்த்தம். வெளியே இது சோம்பேறித்தனம் போலத் தெரியும், பாவம்.

மூன்றாவது வழி, நிறுவன வரைபடத்தில் கணக்கரிடமிருந்து நிதித் தலைவருக்கு நேர்க்கோடு, ஆலைத் தலைவருக்குப் புள்ளிக்கோடு: முதலாமவர்தான் மேலாளர், இரண்டாமவர் வேலை மட்டும் சொல்லலாம். செலவு அறிக்கை, எந்த சப்ளையருக்கு முதலில் பணம் போன்ற அன்றாட வேலையை ஆலைத் தலைவர் சொல்லலாம். கணக்கு விதி, பணி மதிப்பீடு, சம்பளம், விடுப்பு எல்லாம் நிதித் தலைவர் கையில். ஆலைத் தலைவர் மதிப்பீட்டுக்குக் கருத்து எழுதித் தரலாம், மதிப்பெண் போட முடியாது. பில் விஷயத்தில் கணக்கருக்குச் சொல்ல பதில் கிடைத்துவிடுகிறது: "நிதித் தலைவரிடம் கேளுங்க சார்."

நான் இதைத்தான் தேர்வு செய்வேன். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. இரண்டு ஆணைகள் முரண்படாவிட்டாலும் ஒரே நேரத்தைக் கேட்கலாம்: தணிக்கைக்கான தாள்களும் ஆலையின் செலவு ஆய்வும் வியாழக்கிழமைக்கே வேண்டும். அப்போது எது முதலில் என்று இரு தலைவர்களும் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும், கணக்கர் வழியாக அல்ல. தலைமை அலுவலக ஒற்றன் என்று ஆலையில் அவரை ஒதுக்குவதும் நடக்கும். சிறிய ஆலையில் அவரே கொள்முதலையும் ஸ்டோரையும் பார்த்தால் இந்த ஏற்பாடு சரிவராது. அந்த வேலைகளுக்கு ஆலைத் தலைவர்தான் உண்மையான மேலாளர். அவற்றை வேறு ஒருவரிடம் கொடுத்த பிறகே கோடு போட வேண்டும்.