சந்தை அமைப்புகளுக்கு 14 நாள்: ஒவ்வொன்றாகவா, நாலையும் சேர்த்தா?

உயர்தரப் பொருளியல் பரீட்சையை நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை சந்தை அமைப்புகளை ஒரு விதமாக மீட்டேன், இரண்டாம் தடவை வேறு விதமாக. இப்போது தம்பி அதே பாடத்தோடு எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறான். தொடங்கும்போது தவணைப் பரீட்சைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. எந்த விதம் நல்லது என்று அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

முதலாவது வரிசைத் திட்டம். நிறைபோட்டிக்கு 3 நாள், தனியுரிமைக்கு 3 நாள், தனியுரிமைப் போட்டிக்கு 3 நாள், சிலருரிமைக்கு 2 நாள், மிச்சம் 3 நாளும் கடந்தகால வினாத்தாள். ரியூசன் கொப்பி எப்படிப் போகிறதோ அப்படியே போகலாம், யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது, கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான்கு சந்தைக்குள்ளும் போவது. ஒரு நாள் முழுக்க ஒரே கேள்வி: ‘விலையும் அளவும் எங்கே தீர்மானமாகிறது?’ அதை நான்கு சந்தைக்கும் வரைகிறோம். அடுத்த கேள்வி: ‘நீண்டகாலத்தில் இலாபம் என்னவாகிறது?’ மறுபடியும் நான்கு படம்.

வரிசைத் திட்டத்தின் நன்மைகளை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரு சந்தையைத் தொடங்கினால் முடித்துவிட்டு எழும்பலாம், மனதுக்கும் ஒரு திருப்தி. பாடத்தை ஒரு தடவைகூட ஒழுங்காக வாசிக்காதவர் வேறு வழி தேடவே வேண்டாம், இதைத்தான் செய்யவேண்டும். ரியூசனில் பாதி வகுப்புக்குப் போகாத என் சிநேகிதி ஒருத்தி இதைத்தான் செய்தாள், பாடமும் தேறியது.

எனக்கு இடறியது வேறு இடத்தில். முதல் தடவை பத்தாம் நாள் சிலருரிமைக்கு வந்தபோது நாலாம் நாள் படித்த தனியுரிமைப் படம் மங்கிப்போயிருந்தது. மறந்துபோயிருந்தால்கூட திரும்ப எடுத்துப் பார்த்திருப்பேன். பிழையான படம் ஒன்று தலைக்குள் உறுதியாக உட்கார்ந்திருந்தது, அதுதான் வினை. தனியுரிமையும் தனியுரிமைப் போட்டியும் பெயரிலேயே ஒரு சொல்தான் வித்தியாசம், படத்திலும் முக்கால்வாசி ஒன்றுதான். தம்பி போன கிழமை இரண்டு கொப்பித் தாளையும் நீட்டி, “அக்கா, உது ரெண்டும் ஒரே படம்தானே?” என்று கேட்டான். அவன் வரைந்திருந்தபடி பார்த்தால் உண்மையிலேயே ஒரே படம்தான். பரீட்சையில் புள்ளி போகிற இடமும் அதுவேதான்.

அதனால் நான் எடை போடுவது இந்த ஒரு விஷயத்தைத்தான்: ஒன்றோடொன்று குழம்பக்கூடிய படங்களை எந்தத் திட்டம் பிரித்துக் காட்டுகிறது? தனித்தனியாகப் படிக்கும்போது ஒவ்வொரு படமும் சரியாகத்தான் தெரியும். பக்கத்தில் பக்கம் வைத்தால்தான் எங்கே பிரிகிறது என்று கண்ணில் படும்.

இரண்டாம் தடவை நான் செய்த ஒரு வேலை பெரிதாக உதவியது. நான்கு சந்தைக்கும் ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டேன். தம்பிக்கும் அதையே ஒரு ஏ4 தாளை நாலாக மடித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு சந்தையாகப் போட்டுக்கொடுத்தேன். கேள்வி வளையி P = 100 − 2Q. ஒரு அலகு செய்யச் செலவு எப்போதும் 20 ரூபாய், இப்போதைக்கு நிலையான செலவு இல்லை.

முதல் கட்டம் நிறைபோட்டி. உற்பத்தியாளர் நிறையப் பேர், யாருக்கும் விலையை உயர்த்தும் பலம் இல்லை. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிற மாமா அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டுதான் மூட்டையை இறக்குகிறார், தன் விலை என்று ஒன்றை அவரால் சொல்ல முடியாது. (தரகர் இருக்கிற சந்தை புத்தகத்து நிறைபோட்டி இல்லை என்று சேர் சொல்லுவார், அது சரிதான். விலையை ஏற்பவர் யார் என்று விளங்க இந்த உதாரணம் போதும்.) விலை எல்லைச் செலவான 20க்கு வந்து நிற்கும், அளவு 40.

இரண்டாவது கட்டம் தனியுரிமை. எல்லை வருமானம் கேள்வி வளையியைவிட இரண்டு மடங்கு செங்குத்தாக விழும்: MR = 100 − 4Q. அதை 20க்குச் சமப்படுத்தினால் அளவு 20. தம்பி விட்ட பிழை சரியாக இந்த இடத்தில்தான். இரண்டு கோடும் வெட்டிய புள்ளியிலிருந்து இடப்பக்கம் ஒரு கோடு இழுத்து, விலை 20 என்று எழுதினான். அந்தப் புள்ளி சொல்வது அளவை மட்டும். விலைக்கு அங்கிருந்து நேரே மேலே ஏறிக் கேள்வி வளையியைத் தொடவேண்டும், அங்கே விலை 60. பிழையைக் கண்டுபிடிக்கவும் வழி சுலபம்: தனியுரிமைப் படத்தில் விலையும் எல்லைச் செலவும் ஒன்றாக வந்தால், நிறைபோட்டியைத்தான் திரும்ப வரைந்திருக்கிறோம்.

இந்த இரண்டு கட்டமும் பக்கத்தில் இருப்பதால் வினைத்திறன் பற்றிய கேள்விக்கும் விடை அதே தாளில் கிடைக்கிறது. நிறைபோட்டியில் நுகர்வோர் மிகை 1600. தனியுரிமையில் அது மூன்றாகப் பிரிகிறது: 400 நுகர்வோரிடம் மிஞ்சுகிறது, 800 இலாபமாகத் தனியுரிமையாளரிடம் போகிறது, மிச்சம் 400 யார் கைக்கும் போகாமல் தொலைகிறது. பலர் 800ஐயும் சேர்த்துச் சமூகத்தின் இழப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய காசு. விற்கப்படாமல் போன 20 அலகால் வந்த முக்கோணம் மட்டும்தான் இழப்பு.

மூன்றாவது கட்டம் தனியுரிமைப் போட்டி, நீண்டகாலம். நகரில் சலூன்கள், சாப்பாட்டுக் கடைகள் மாதிரி. இலாபம் தெரிந்தால் புதிதாக ஒருவர் வருவார், பழைய கடையின் கேள்வி வளையி இடப்பக்கம் நகரும். அப்படி நகர்ந்து நகர்ந்து கடைசியில் நம்முடைய அதே வளையியில் வந்து நின்றதாக வைத்துக்கொள்வோம். இந்தக் கடைக்கு நிலையான செலவு 800. அளவு மறுபடியும் 20, விலை மறுபடியும் 60. சராசரிச் செலவோ, 800ஐ 20ஆல் பிரித்தால் 40, அதோடு 20, ஆக 60. இலாபம் பூச்சியம். அளவை 10 ஆக்கிப் பார்த்தால் விலை 80, சராசரிச் செலவு 100. 30 ஆக்கினால் விலை 40, செலவு 47 அளவில். எந்தப் பக்கம் அசைந்தாலும் நட்டம். இரண்டு வளையியும் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொள்ளும் என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

தம்பி அந்தத் தொடுபுள்ளியைச் சராசரிச் செலவின் அடிமட்டத்தில் போட்டிருந்தான். அது நிறைபோட்டியின் இடம். கேள்வி வளையி கீழ்நோக்கிச் சரியும்போது அதைத் தொடும் வளையியும் அந்த இடத்தில் சரிந்துகொண்டுதான் இருக்கவேண்டும். அதனால் தொடுபுள்ளி எப்போதும் இறங்கும் பக்கத்தில். நம் கணக்கிலும் 40 அலகு செய்தால் சராசரிச் செலவு 40க்கு இறங்கும், ஆனால் கடை 20இலேயே நின்றுவிடுகிறது. மிகைக் கொள்ளளவு என்று மனப்பாடம் செய்த சொல் என்னவென்று எனக்கு இந்தக் கட்டத்தில்தான் விளங்கியது. ‘அப்போ ரெண்டு படத்திலயும் விலை 60, அளவு 20. வித்தியாசம் செலவு வளையி எங்க நிக்குது எண்டதில மட்டும்தான்’ என்று தம்பி தானாகவே சொன்னான். வரிசைத் திட்டத்தில் இதைக் கவனிக்க அவனுக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

நாலாவது கட்டம் சிலருரிமை. இங்கே ஒரே ஒரு விடை இல்லை, அதையே விடையாக எழுதவேண்டும். இலங்கையில் கைத்தொலைபேசி நிறுவனங்கள் ஒரு காலத்தில் ஐந்து. 2018இல் ஹட்ச் எட்டிசலாட்டையும், 2024இல் டயலொக் எயார்டெல்லையும் எடுத்த பிறகு மூன்று. ஒருவர் விலையைத் தொட்டால் மற்றவர் சும்மா இருக்கமாட்டார். நம் கணக்கில் இரண்டு பேர் என்று வைப்போம், நிலையான செலவு மறுபடியும் இல்லை. கூட்டுச் சேர்ந்து ஆளுக்கு 10 அலகு விற்றால் விலை 60, ஆளுக்கு 400 இலாபம். ஒருவர் மட்டும் இரகசியமாக 15 ஆக்கினால் விலை 50க்கு இறங்கும், அவருக்கு 450, வாக்கைக் காப்பாற்றியவருக்கு 300. இருவரும் 15 ஆக்கினால் விலை 40, ஆளுக்கு 300. கூட்டு ஏன் நிலைக்காது என்ற கேள்விக்கு இந்த மூன்று வரி போதும். விலை 20க்கும் 60க்கும் இடையில் எங்கேயும் நிற்கலாம் என்பதும் முதல் இரண்டு கட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

நாட்களை இப்படிப் பிரித்தோம். முதல் 2 நாள் செலவு, வருமான வளையிகள் மட்டும். அது ஆடினால் மேலே எதுவும் நிற்காது. 3, 4 குறுங்காலம். நிறுவனம் எப்போது மூடவேண்டும் என்பதும் இதற்குள் வரும்: விலை சராசரி மாறும் செலவுக்குக் கீழே போனால் மூடவேண்டும். 5, 6 நீண்டகாலம். ஏழாம் நாள் கொப்பியை மூடிவிட்டு வெற்றுத் தாளில் நான்கு கட்டத்தையும் வரைவது. 8, 9 வினைத்திறனும் இழப்பும். பத்தாம் நாள் சிலருரிமைக்கு மட்டும், ஏனென்றால் முறிந்த கேள்வி வளையியை மற்ற மூன்றோடு வைத்துப் பார்க்க முடியாது. நான்கு கட்ட முறை அங்கே உதவவில்லை, நானும் அதைத் தனியாகத்தான் படித்தேன். 11 முதல் 13 வரை வினாத்தாள், கடைசி நாள் தாளை இன்னொரு தடவை வரைவது மட்டும்.

இந்த முறையில் ஒரு கரைச்சல் இருக்கிறது. முதல் மூன்று நாலு நாள் எதுவுமே முடியாத மாதிரி இருக்கும். எல்லாச் சந்தையும் பாதி பாதியாகக் கிடக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை ‘நிறைபோட்டி முடிச்சிட்டன்’ என்று சொன்னால் வயிற்றைக் கலக்கும். ஐந்தாம் நாள் தம்பி பழையபடி வரிசைக்கே போகப் பார்த்தான். இன்னொன்று, நான் இரண்டாம் தடவை எழுதும்போது பாடம் ஏற்கெனவே ஒரு தடவை முழுக்கத் தலைக்குள் போயிருந்தது. என் பெறுபேறு கூடியதில் எவ்வளவு திட்டத்தால், எவ்வளவு இரண்டாம் தடவை என்பதால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் கலந்து, முதல் 5 நாள் வரிசையாக ஓடிவிட்டு மிச்சத்தை நான்கு கட்டத்தில் செய்கிறவர்களும் உண்டு. பாடம் அரைகுறையாக இருப்பவருக்கு அது பொருந்தலாம்.

ஏழாம் நாள் வெற்றுத்தாள் நேற்று நடந்தது. தனியுரிமையில் விலைக்கு மேலே ஏறினான். மூன்றாவது கட்டத்தில் தொடுபுள்ளியை மறுபடியும் அடிமட்டத்தில் போட்டு, தானே பார்த்து, றப்பரால் அழித்து இடப்பக்கம் நகர்த்தினான். தாளில் அந்த இடம் தேய்ந்து மெலிந்துபோயிருக்கிறது.