பழைய கைடு அனுப்ப: கியான் போஸ்ட்டா, கூரியரா?

மதுரையிலிருந்து ஆன்லைனில் பழைய புத்தகம் விற்கிறவர்களுக்கு லாபம் போகிற இடமே அனுப்பும் செலவுதான்.

செலவு: தபால் துறையின் கியான் போஸ்ட்டில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனாலும் 100 ரூபாய்தான், வரி தனி. கூரியரில் தூரம் கூடினால் கட்டணமும் கூடும், 150 ரூபாய்க்கு விற்கிற கைடுக்கு அது கட்டுப்படியாகாது.

வேகம்: போஸ்ட் தரைவழியில் போகும், ட்ராக்கிங் உண்டு, ஆனால் நாள் பிடிக்கும். இதில் கூரியர்தான் மேல்.

எதில் அனுப்பினாலும் புத்தகம் திரும்பி வந்தால் இரட்டைச் செலவு, அதனால் பதிப்பைப் பார்த்துவிட்டு விளம்பரம் போடுங்கள். தமிழ்நாடு பிளஸ் 2 பாடநூல்கள் 2019-இல் மாறின, அதற்கு முந்தையது இப்போது மாணவருக்கு உதவாது. அட்டையை நம்பாமல், உள்பக்கத்தில் முதல் பதிப்பு, திருத்திய பதிப்பு என்று ஆண்டு அச்சிட்ட இடத்தைப் படமெடுத்துப் போடுங்கள்.

தரம் சொல்லும்போது பென்சில் அடிக்கோடு மட்டும் என்றால் ‘நன்று’. மாதிரி வினாத்தாளில் பேனாவால் விடையை டிக் அடித்திருந்தால், தாள் புதுசாகவே இருந்தாலும் ‘சுமார்’தான், வாங்குகிறவர் அதை வைத்துப் பயிற்சி செய்ய முடியாதே!

தேனிக்கு பிளஸ் 2 செட் முழுசாக அனுப்ப போஸ்ட். அடுத்த வாரமே தேர்வு, ஒற்றை கைடு போதும் என்றால் கூரியர், கட்டணம் வாங்குகிறவருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.