காவிரி ஃப்ரெஷ்ஷா, பட்டாமணியார் தோட்டமா, அரசடிப் படுகையா?

திருவையாற்றுக்குப் பக்கத்தில் கொள்ளிடப் படுகையில் மச்சானுக்குப் பூவன் வாழையும் கத்தரி, வெண்டையும் உண்டு. தஞ்சாவூரில் சில கடைகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் நேரடியாகப் போடலாம் என்று முடிவானதும், பைக்கு லேபிள் அடிக்க என்னிடம் வந்தார். மூன்று பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தார்.

முதலாவது 'காவிரி ஃப்ரெஷ்'. அவருக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். எனக்குப் பிடிக்காததும் இதுதான். காவிரி குடகில் தொடங்கிப் பூம்புகார் வரை ஓடுகிறது, அதைச் சொன்னால் எந்த ஊர்க் கத்தரிக்காய் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த சிக்கல் பதிவு. 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9-வது பிரிவு, பொருளின் தரத்தையோ விளையும் இடத்தையோ மட்டும் சொல்கிற சொற்களைப் பதியத் தடை போடுகிறது. இந்தப் பெயரில் ஒரு பாதி இடம், மறுபாதி தரம். படம் சேர்த்து லோகோவாகப் பதிந்தாலும் சொற்கள் நமக்கே சொந்தம் ஆகிவிடாது. பக்கத்துத் தெருக்காரர் 'காவேரி ஃப்ரெஷ்' என்று பலகை வைத்தால் தடுப்பது கஷ்டம்.

'ஃப்ரெஷ்' என்ற சொல்லுக்கு 2018-ன் உணவு விளம்பர விதிமுறைகளிலும் வரையறை இருக்கிறது. கழுவுவது, தோலுரிப்பது, நறுக்குவது, குளிர்விப்பது போன்றவற்றைத் தாண்டிப் பதப்படுத்தினால் அந்தச் சொல் கூடாது. இன்றைக்குக் காய்க்குச் சரி. நாளைக்கு இதே பெயரில் வாழைக்காய் வற்றல் போட்டால், 'இது பெயர் மட்டுமே, பொருளின் தன்மையைக் குறிப்பதல்ல' என்ற பொருளில் ஒரு வரியை அதே லேபிளில் அச்சிட வேண்டிவரும். அதைப் படித்துவிட்டு யார் வாங்குவார்கள்?

இரண்டாவது 'பட்டாமணியார் தோட்டம்'. மச்சான் குடும்பத்தை ஊரில் இன்றும் பட்டாமணியார் வீடு என்றுதான் சொல்வார்கள், கிராம முன்சீப் என்ற அந்தப் பதவியே 1980-ல் ஒழிந்துவிட்ட பிறகும். இன்னார் வீட்டுக் காய் என்று வாங்குகிறவருக்குத் தெரிகிறது. ஏதாவது அழுகியிருந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரிகிறது. ஆனால் வீடு ஒன்று, பங்காளிகள் மூன்று பேர். மச்சான் தன் பெயரில் விண்ணப்பித்தால், நாளைக்குச் சித்தப்பா மகன் அதே பலகையோடு மாங்காய் விற்க வந்து, "இது எனக்கும் தாத்தா வீட்டுப் பெயர்தானே" என்பான். இன்னொன்றும் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் குத்தகை நெல் அளந்த நாள் ஞாபகம் வருகிற வீடுகள் அதே ஊரில் இருக்கின்றன. காய் பறிக்க வருகிறவர்கள் அந்த வீடுகளின் பெண்கள்தான். இதை அவரிடம் மெதுவாகத்தான் சொன்னேன்.

மூன்றாவது, அத்தை சொல்லி அவர் வேண்டாவெறுப்பாக எழுதியது: 'அரசடிப் படுகை'. டெல்டாவில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் இருக்குமே, அப்படி அந்த வீட்டார் தங்கள் கொல்லைக்கு வைத்த பெயர். வரைபடத்தில் ஊராகக் கிடையாது, அதனால் பதிவுக்கு முதல் இரண்டையும்விடத் தோது. அதே நேரம் காட்டச் சொன்னால் காட்டக்கூடிய மண்.

குறையும் இருந்தது. 'படுகை' என்றால் வெளியூர்க்காரருக்கு எண்ணெய்க் கிணற்றுச் செய்திதான் ஞாபகம் வரும். தொலைபேசியில் ஒரு கடைக்காரரிடம் பெயரைச் சொல்லி, எழுதி அனுப்பச் சொன்னோம். Arasaradi என்று வந்தது. மதுரை அரசரடி! லேபிளில் தமிழுக்குக் கீழே Arasadi என்று பெரிதாகப் போட்டோம். வணிகச் சின்னப் பதிவின் 31-வது வகுப்பில் (பச்சைக் காய், பழம்) இதே ஒலியில் ஏதாவது இருக்கிறதா என்று ipindia.gov.in தளத்தில் தேடிவிட்டுத்தான் விண்ணப்பம்.

இந்தப் பெயருக்கு உண்மையான சோதனை வெள்ளம். 2022 ஆகஸ்டில் போல கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் படுகை முழுகும். அப்போது ஒட்டன்சத்திரத்தில் காய் வாங்கி இதே பையில் போட்டுக் கொடுக்க ஆசை வரும். 'காவிரி ஃப்ரெஷ்' என்றிருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அரசடிப் படுகையோ பொய் சொல்லிவிடும். அந்த வாரங்களுக்கு வெள்ளைப் பை, அதில் வாங்கிய ஊர்ப் பெயர் என்று முடிவு செய்தோம்.

சரி, பச்சைப்பசேல் என்பதை எங்கே சொல்வது? அது தினம் மாறுகிற விஷயம், பெயரில் நிற்காது. லேபிளின் மூலையில் ரப்பர் ஸ்டாம்பு: 'பறித்தது: செவ்வாய் காலை 6 மணி'. முந்தின நாள் சாயங்காலம் பறித்ததற்கு அப்படியே 'திங்கள் மாலை' என்று குத்தச் சொல்லியிருக்கிறேன். கடையில் ஒரு அம்மா அதைப் படித்துவிட்டும் நம்பாமல் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்தார். படக்கென்று ஒடிந்தது, அரைக் கிலோ போடச் சொன்னார்.