ஒரே பின்னல், இரண்டு நூற்பு: நாலு குளிர்காலம் போட்டுப் பார்த்த இரண்டு ஸ்வெட்டர்கள்

என்னிடம் இரண்டு சாம்பல் நிற ஸ்வெட்டர்கள் இருக்கின்றன. இரண்டும் நானே பின்னியவை. ஒரே மாதிரி, ஒரே ஊசி, 10 செ.மீ.க்கு 18 கண்ணி என்ற ஒரே கணக்கு. மடித்து அடுக்கி வைத்தால் எது எது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. கையில் தூக்கினால் தெரிந்துவிடும். ஒன்று 400 கிராம், இன்னொன்று 520.

இரண்டிலும் ஓடியிருக்கும் நூலின் நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 1,040 மீட்டர். இலேசானது 50 கிராமுக்கு 130 மீட்டர் வரும், ஊலன் என்ற முறையில் நூற்ற கம்பளி நூல். கனமானது 100 கிராமுக்கு 200 மீட்டர் வரும், வொர்ஸ்டெட் என்ற முறையில் நூற்ற கம்பளி நூல். பார்வைக்கு ஒரே தடிமனாக இருக்கும் இரண்டு நூல்களில் ஒன்று இவ்வளவு இலேசாக இருக்கிறதென்றால், அந்த 120 கிராம் கம்பளி இருந்திருக்க வேண்டிய இடத்தில் காற்று இருக்கிறது. இந்த நாலு வருடத்தில் நான் கவனித்த முக்கால்வாசி விஷயங்களுக்குக் காரணம் இந்தக் காற்றுதான்.

காற்று எப்படி உள்ளே போகிறது? ஊலன் முறையில் கம்பளியைக் கார்டிங் மட்டும் செய்வார்கள். சின்னச் சின்னக் கம்பிப் பற்கள் இழைகளைப் பிரித்து, மேகம் மாதிரி கலைத்துப் போடும். இழைகள் குட்டையாக இருக்கலாம், எந்தப் பக்கம் பார்த்தும் கிடக்கலாம். அப்படியே இழுத்து, இழுக்கும்போதே முறுக்கு ஏறவிட்டால், குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் இழைகளுக்கு நடுவே இடைவெளி தங்கிவிடும். வொர்ஸ்டெட் முறையில் அதற்கு மேல் கோம்பிங் என்று ஒரு வேலை உண்டு. நீளமான இழைகளை மட்டும் வைத்துக்கொண்டு, குட்டை இழைகளையும் முடிச்சுகளையும் சீப்பு மாதிரி வாரி எடுத்துவிடுவார்கள். வாரிய தலைமுடி போல எல்லா இழையும் ஒரே திசையில் படுத்திருக்கும். கையால் நூற்பவர்கள் இங்கே விரலால் அழுத்திப் பிடித்து, முறுக்கு இன்னும் இழுபடாத இழைகளுக்குள் போகாமல் தடுப்பார்கள். இழைகள் நெருங்கிப் படிந்த பிறகே முறுக்கு ஏறும். காற்றுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும், நானே இதில் ஒருமுறை ஏமாந்தேன். நூல் சுற்றின் சீட்டில் ‘வொர்ஸ்டெட்’ என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது நூலின் தடிமனைத்தான் குறிக்கும். நூற்ற முறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஊலன் முறையில் நூற்ற நூலிலேயே ‘வொர்ஸ்டெட் தடிமன்’ என்று அச்சடித்திருப்பார்கள். என்னுடைய இலேசான ஸ்வெட்டரின் நூலே அப்படித்தான். இது போதாதென்று, கார்டிங் செய்து, வாராமல், இழைகளை ஓரளவு நேராக்கி மட்டும் நூற்கும் நடுவாந்திர வகையும் உண்டு. ஆலையில் நூற்றுக் கடைக்கு வரும் பின்னல் நூலில் நிறைய இந்த ரகம்தான்.

சீட்டை நம்பாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு சாண் நூலை எடுத்து, புரிகளைப் பிரித்து, ஒரு புரியின் முறுக்கை விரலால் தளர்த்தி, மெதுவாக இழுங்கள். ஊலன் என்றால் சத்தமே இல்லாமல், பஞ்சு பிரிகிற மாதிரி விலகிவிடும். முனையில் இழைகள் குட்டையாக, சிக்கலாக நிற்கும். வொர்ஸ்டெட் கொஞ்சம் எதிர்த்துப் பிடித்துவிட்டு, பிறகு வழுக்கி வரும். முனையில் விரல் நீளத்துக்கு இழைகள் தூரிகை மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தடவை செய்து பார்த்தால் பிறகு மறக்காது.

பின்னும்போதே இரண்டும் வேறு வேறு பிள்ளைகள். ஊலன் நூல் முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. நூற்பு எண்ணெய் போகாமல் இருந்ததால் கொஞ்சம் விறைப்பு, கொஞ்சம் வாசனை. பின்னலும் மெலிந்து, ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. மாதிரித் துண்டை வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு இருபது நிமிடம் ஊறவைத்து, கசக்காமல் பிழிந்து காயவைத்தேன். காய்ந்த பிறகு அது வேறு துணி. இழைகள் உப்பி, கண்ணிகளுக்கு நடுவே இருந்த ஓட்டைகள் மூடிக்கொண்டன. ஊலனைக் கழுவாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. வொர்ஸ்டெட் துண்டு கழுவிய பிறகும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது, நீளவாக்கில் மட்டும் லேசாக இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஸ்வெட்டர் 3 செ.மீ. நீண்டு இடுப்புக்குக் கீழே தொங்கியது. தன் எடையே அதை இழுக்கிறது. ஊலன் இன்றுவரை அளவு மாறவில்லை. இலேசும் ஒரு காரணம், இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருப்பதும் ஒரு காரணம்.

ஊலனுக்கும் தண்டனை உண்டு. ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும்போது அதே நூலை கை நீளத்துக்கு எடுத்தேன். மூன்று முறை நடுவிலேயே அறுந்தது. துணிக்குள் திரும்பத் திரும்ப இழுபடும்போது முறுக்கு தளர்ந்து, குட்டை இழைகள் விலகிவிடுகின்றன. பிறகு 40 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஊசியைச் சுழற்றிக் கூடுதல் முறுக்கு ஏற்றித் தைத்தபோதுதான் வேலை நடந்தது.

கதகதப்பைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. 120 கிராம் குறைவாக இருந்தும், அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது ஊலன்தான் சூடு. நூலுக்குள்ளும் மேற்பரப்பின் பிசிறுக்குள்ளும் அசையாமல் நிற்கும் காற்றே உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. கம்பளி அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் கூடு, அவ்வளவுதான். அதனாலேயே காற்று வீசினால் கதை மாறும். நிற்கிற காற்றை வீசுகிற காற்று தள்ளிவிட்டால் கூடு இருந்தும் பயனில்லை. வெளியே போகும்போது ஊலன் மேல் மெல்லியதாகக் காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட் போட்டால் போதும். ஆனால் அந்த ஜாக்கெட்டுக்குள் கையை நுழைப்பது ஒரு குட்டிப் போராட்டம். பிசிறு உள்துணியைப் பிடித்துக்கொண்டு ஸ்வெட்டர் கையை முழங்கை வரை சுருட்டிவிடும். வொர்ஸ்டெட் வழுக்கிக்கொண்டு போகும். வேகமாக நடக்கிற நாளிலும், சூடான அறைக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வருகிற நாளிலும் வொர்ஸ்டெட்டே சௌகரியம். ஊலனில் அப்போது வியர்த்துவிடுகிறது.

தோலில் குத்துவதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஊலனில் இழை முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கழுத்தில் லேசான குறுகுறுப்பு உண்டுதான். ஆனால் உண்மையான குத்தலுக்குக் காரணம் இழையின் தடிமன். சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த முனைகள்தான் வளையாமல் தோலைக் குத்தும். முரட்டுக் கம்பளியை எவ்வளவு அழகாக வாரி நூற்றாலும் குத்தத்தான் செய்யும்.

இனி உருண்டை கட்டும் விவகாரம். முதல் குளிர்காலத்தோடு இதை எழுதியிருந்தால் ஊலனைத் திட்டியிருப்பேன். மூன்று தடவை போட்டாலே அக்குளிலும், மணிக்கட்டிலும், தோள்பை உரசும் விலாப் பக்கத்திலும் கடுகு கடுகாக உருண்டைகள். வொர்ஸ்டெட்டில் அக்குளில் மட்டும், அதுவும் மாதத்துக்கு நாலைந்து.

உரசும்போது ஓர் இழையின் முனை நூலை விட்டு வெளியே வருகிறது. பக்கத்தில் வந்த முனைகளோடு சுற்றிக்கொள்கிறது. அந்தச் சுருளை இன்னும் நூலுக்குள் மாட்டியிருக்கும் சில இழைகள் காம்பு மாதிரி பிடித்துக்கொள்கின்றன. குட்டை இழை என்றால் ஒரே நீள நூலில் முனைகள் அதிகம், ஒவ்வோர் இழைக்கும் பிடிப்பு குறைவு. வொர்ஸ்டெட்டில் குட்டைகளை ஏற்கெனவே வாரி எறிந்தாகிவிட்டது. மிச்சமிருக்கும் நீள இழையை முறுக்கு பல இடங்களில் பிடித்திருக்கிறது.

ஆனால் இரண்டாம் குளிர்காலத்தில் ஊலனின் உருண்டைகள் பாதியாகக் குறைந்தன. மூன்றாவதில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வரவேண்டிய தளர்ந்த முனைகள் வந்து போய்விட்டன, மற்றவை ஒன்றோடொன்று லேசாகப் பின்னிப் பிணைந்து மேற்பரப்பு படிந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நான் செய்தது ஒன்றுதான்: ஸ்வெட்டரைத் தட்டையாக விரித்து, அதற்கென்று விற்கும் சின்னச் சீப்பால் ஒரே திசையில் வாரினேன். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே விரலால் பிய்க்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. பிய்த்தால் காம்போடு புது இழையும் வெளியே வரும், அடுத்த உருண்டைக்கு விதை போட்ட மாதிரி.

நூற்பு முறை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்று எனக்குப் புரியவைத்தது மூன்றாவது ஒரு ஸ்வெட்டர். வெண்ணெய் மாதிரி மெத்தென்ற மெரினோ ஆட்டுக் கம்பளி, ஒற்றைப் புரி, முறுக்கு மிகக் குறைவு, தளர்வான பின்னல். அதுவும் வாரி நூற்றதுதான். ஆனால் மூன்றிலும் மோசமாக உருண்டை கட்டியது அதுவே. பிடித்து வைக்க முறுக்கும் இல்லை, கூட இன்னொரு புரியும் இல்லை என்றால் நீள இழையும் வெளியே வந்துவிடும். கடையில் கையில் எடுத்ததும் ‘ஆகா, என்ன மிருது’ என்று தோன்றினால் நான் இப்போதெல்லாம் முதலில் முறுக்கைத்தான் பார்க்கிறேன். நைலான் கலந்த ஒரு கார்டிகனும் இருந்தது. அதில் உருண்டைகள் உதிரவே இல்லை. கம்பளிக் காம்பு தேய்ந்து அறுந்துவிடும், நைலான் காம்பு அறுவதில்லை.

நாலாவது குளிர்காலத்தில் ஊலனின் வலது முழங்கை மெலிந்துவிட்டது. விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவுகிறது. வொர்ஸ்டெட்டின் முழங்கை கொஞ்சம் பளபளப்பாகியிருக்கிறது, மற்றபடி முழுசாக இருக்கிறது. போன வாரம் ஊலன் ஸ்வெட்டரின் முழங்கையை உள்பக்கமிருந்து இழையோட்டித் தைத்தேன். அதற்கு எடுத்த நூல், மற்ற ஸ்வெட்டரில் மிஞ்சிய வொர்ஸ்டெட். இந்த முறை ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை.